ஒரு பூட்டு, முப்பது சாவி: தடுப்பூசி பற்றி ஊரில் கால் மணி நேரம் பேசுவது எப்படி

தடுப்பூசி பற்றி ஊருக்குள் போய்ப் பேசச் சொன்னால், புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் "நம் உடலில் நோய் எதிர்ப்பு மண்டலம் என்று ஒன்று இருக்கிறது" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். மூன்றாவது வாக்கியம் முடிவதற்குள் ஒரு குழந்தை அழும், அதன் அம்மா எழுந்து வெளியே போவார், அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எழுவார்கள். அந்த அம்மாக்களுக்கு அக்கறை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் மனதில் ஏற்கெனவே ஒரு கேள்வி இருக்கிறது, நாம் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். "போன மாசம்தானே போட்டோம், ராத்திரி பூரா காய்ச்சல்ல கெடந்துச்சு, மறுபடி எதுக்கு?" என்பதுதான் அந்தக் கேள்வி.

நான் பல வருடமாகத் துணை சுகாதார நிலையங்களிலும் அங்கன்வாடிகளிலும் இந்தப் பேச்சைப் பேசி வருகிறேன். என் அனுபவத்தில், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால் போதும், தடுப்பூசி உடம்புக்கு எப்படிப் பாடம் சொல்லித்தருகிறது என்பது தானாகவே விளங்கிவிடும். அதனால் இந்தக் கட்டுரையில் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதற்கு மட்டும் வழி சொல்கிறேன்.

எப்போது பேசுவது

தமிழ்நாட்டில் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஊசி போட்டதும் குழந்தையை அரை மணி நேரம் அங்கேயே வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். ஒவ்வாமை ஏதாவது வந்தால் அநேகமாக அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. அந்த அரை மணிதான் உங்களுக்கான நேரம். தனியாக ஒரு நாள் கூட்டம் போட்டு ஆள் கூப்பிட்டால் வேலைக்குப் போகிறவர்கள் யாரும் வரமாட்டார்கள், இங்கே வந்தவர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் பத்து நிமிடம் பேசாதீர்கள், குழந்தைகள் அழுது பால் குடித்து அடங்கட்டும். ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: பேசுகிறவரே குழந்தைகளைக் கண்காணிக்கிறவராக இருக்கக் கூடாது. செவிலியர் குழந்தைகளைப் பார்க்கட்டும், நீங்கள் பேசுங்கள், அல்லது அவர் பேசட்டும், நீங்கள் பாருங்கள்.

பாட்டிகளை முன்னால் உட்கார வையுங்கள். அடுத்த ஊசிக்குக் குழந்தையைத் தூக்கி வருவதா வேண்டாமா என்று வீட்டில் முடிவு செய்வது பல இடங்களில் அவர்கள்தான்.

கொண்டுபோக வேண்டியவை

ஒரு சாதாரணப் பூட்டு, முப்பது சாவி, ஒரு சாண் சிவப்பு நூல், இருபது புளியங்கொட்டை. பழைய சாவிகளைக் காயலான் கடையில் கேட்டால் கை நிறையத் தருவார்கள். பூட்டின் சாவியைப் போலவே அளவும் நிறமும் உள்ளவையாகப் பார்த்து எடுங்கள், இல்லாவிட்டால் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். வீட்டிலேயே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடுவதும் முக்கியம், ஏனென்றால் மலிவான பூட்டுகள் சில நேரம் இரண்டு மூன்று சாவிக்குத் திறக்கும். ஒரு தடவை அங்கன்வாடியில் எனக்கு அப்படி ஆகி, பேச்சே வேறு பக்கம் போய்விட்டது.

பூட்டைத் திறக்கும் பாட்டி

முப்பது சாவியையும் ஒரு வளையத்தில் கோத்து, பூட்டோடு சேர்த்து ஒரு பாட்டியிடம் கொடுங்கள். "அப்பத்தா, இதைத் திறந்து குடுங்க" என்று மட்டும் சொல்லுங்கள், வேறெதுவும் விளக்க வேண்டாம். அவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார், சுற்றியிருப்பவர்கள் "அது இல்ல, அந்தப் பெரிசு" என்று யோசனை சொல்வார்கள், யாராவது ஒருவர் செல்போனில் நேரம் பார்க்கட்டும். ஒன்று, ஒன்றரை நிமிடம் ஆகும். திறந்ததும் அந்தச் சாவியில் சிவப்பு நூலை நீங்களே கட்டுங்கள், எல்லாரும் பார்க்கும்படி, நிதானமாக. பூட்டைப் பூட்டி மறுபடி அதே பாட்டியிடம் கொடுங்கள். இந்தத் தடவை மூன்று விநாடி.

இப்போது சொல்லுங்கள்: பூட்டு என்பது கிருமி. கிருமியின் மேல்தோலில் அதற்கே உரிய ஒரு வடிவம் இருக்கிறது, அது பூட்டின் துவாரம் மாதிரி. நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் சாவிக்கொத்து. குழந்தை பிறக்கும்போதே விதவிதமான சாவிகளோடுதான் பிறக்கிறது, எந்தக் கிருமிக்கு எந்தச் சாவி என்பதுதான் அதற்குத் தெரியாது. உண்மையான நோய்க்கிருமி முதல் தடவை வரும்போது உடம்பு சரியான சாவியைத் தேடி எடுத்து, அதைப் போலவே ஆயிரக்கணக்கில் செய்து முடிக்கப் பத்து நாள், இரண்டு வாரம்கூட ஆகிவிடும். கக்குவான் இருமலோ தொண்டை அடைப்பானோ அதுவரை காத்திருக்காது. தடுப்பூசி என்பது வெறும் பூட்டை மட்டும் கொண்டுவந்து காட்டுவது. பூட்டு இருக்கிறது, திருடன் இல்லை. உடம்பு அவசரமில்லாமல் தேடுகிறது, கண்டுபிடிக்கிறது, நூல் கட்டி வைத்துக்கொள்கிறது. பிறகு நிஜமாகவே கிருமி வரும்போது அந்த மூன்று விநாடிதான்.

இந்த இடத்தில் "செத்த கிருமியை உள்ளே விடுகிறோம்", "பல் பிடுங்கின பாம்பு மாதிரி" என்றெல்லாம் சொல்லாதீர்கள். நானும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குப் போனதும் பாம்பு மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கிறது.

பாட்டி முதல் சாவியிலேயே திறந்துவிட்டால் கவலைப்பட வேண்டாம். "சில உடம்பு சீக்கிரமே கண்டுபிடிச்சிடும்" என்று சொல்லிவிட்டு, வளையத்தைக் குலுக்கி இன்னொருவரிடம் கொடுங்கள்.

ஏன் மூன்று தடவை

ஒன்றரை மாதத்தில் தொடையில் போடும் பென்டா ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள், ஊரில் அதிகக் காய்ச்சலும் அதிகக் கேள்வியும் அதில்தான். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி என்கிற மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் உண்டாக்கும் ஹிப் கிருமி என ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஊசி. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் போடுகிறோம்.

முதல் ஊசியில் உடம்பு சாவியைக் கண்டுபிடிக்கிறது, ஆனால் செய்து வைத்த சாவிகள் கொஞ்சம்தான், அதுவும் சில வாரத்தில் குறைந்துவிடும். இங்கே நம் நூல் கதை போதாது, ஒரு விஷயத்தைக் கூடச் சேர்க்க வேண்டும். உடம்பு சாவிக்கு நூல் மட்டும் கட்டுவதில்லை, அடுத்த சில வாரங்களுக்கு அந்தச் சாவியை அராவி அராவி இன்னும் நன்றாகப் பொருந்தும்படி செய்கிறது. கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் இருக்கும் நெறிக்கட்டிகளில்தான் இந்த வேலை நடக்கிறது. அந்த வேலைக்கு இடம் விட்டுத்தான் இரண்டு ஊசிக்கு நடுவே குறைந்தது நான்கு வாரம் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது ஊசி வரும்போது, அராவின நல்ல சாவிகள் தயாராக இருக்கின்றன, அவைதான் இந்தத் தடவை வேகமாகவும் நிறையவும் பெருகும். மூன்றாவதில் இன்னும் அதிகம். ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் போடும் ஊக்க ஊசிகள் எதற்கு என்று கேட்டால், நூல் வெளுத்துப்போகிறது, புதிதாகக் கட்டுகிறோம் என்று சொன்னால் போதும்.

"மூணு மாசம் ஆகட்டும், புள்ள தேறட்டும், அப்புறம் போடலாம்" என்று ஒரு பாட்டியாவது சொல்வார். அவர் சொல்வதில் அன்பு இருக்கிறது, மறுத்துப் பேசாமல் காரணத்தைச் சொல்லுங்கள். கக்குவான் இருமல் பெரிய பிள்ளைகளுக்கு நீண்ட இருமலாகப் போய்விடும், கைக்குழந்தைக்குத்தான் மூச்சே நின்று போகும் அளவுக்கு ஆபத்து. தேறட்டும் என்று காத்திருக்கும் அந்த மூன்று மாதம்தான் அதற்கு மிக மோசமான காலம்.

காய்ச்சலைப் பற்றி மறைக்காமல்

காய்ச்சல் வராது என்று சொல்லிவிடாதீர்கள், வந்தால் உங்கள் மேல் உள்ள நம்பிக்கை போய்விடும். பென்டா போட்ட அன்று இரவோ மறுநாளோ உடம்பு சுடலாம், தொடை வீங்கி வலிக்கலாம், குழந்தை சிணுங்கலாம், ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். உடம்பு பூட்டைப் பார்த்து வேலையை ஆரம்பித்துவிட்டது என்பதன் அடையாளம் அது. அதே மூச்சில் இதையும் சொல்லுங்கள்: காய்ச்சல் வராத குழந்தைக்கும் ஊசி வேலை செய்கிறது. இதைச் சொல்லாவிட்டால் காய்ச்சல் வராத குழந்தையின் அம்மா கவலையோடு போவார்.

செவிலியர் கொடுத்த பாராசிட்டமால் மருந்தை அவர் சொன்ன அளவில் கொடுப்பது, தாய்ப்பாலை நிறுத்தாமல் இருப்பது, ஊசி போட்ட இடத்தில் தேய்க்காமலும் எண்ணெய், சுண்ணாம்பு எதுவும் தடவாமலும் விடுவது. வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆனால் குழந்தை மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் வீறிட்டு அழுதாலோ, வலிப்பு வந்தாலோ, துவண்டு கிடந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலோ உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும். இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தி, இரண்டு தடவை சொல்லுங்கள்.

தட்டம்மை ரூபெல்லா ஊசியில் கணக்கே வேறு. அதில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ், அது உடம்புக்குள் கொஞ்சம் பெருகிய பிறகுதான் பாடம் ஆரம்பிக்கும். அதனால் காய்ச்சலோ லேசான தடிப்போ ஒரு வாரம் கழித்து, சில குழந்தைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக்கூட வரும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் "ஊசி போட்டும் அம்மை வந்துருச்சு" என்ற பேச்சு தெருவெல்லாம் பரவிவிடும்.

புளியங்கொட்டை: இரண்டாவது தட்டம்மை ஊசி எதற்கு

தட்டம்மை (மணல்வாரி அம்மை என்றால்தான் பல ஊர்களில் புரியும்) ஊசியை 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் இன்னொன்று என்று போடுகிறோம். பென்டாவுக்குச் சொன்ன காரணத்தையே இதற்கும் சொல்லி முடித்துவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது சரியில்லை, இங்கே காரணம் வேறு.

இருபது புளியங்கொட்டையைத் தரையில் வையுங்கள். இவை உங்கள் ஊரில் 9 மாதத்தில் ஊசி போட்டுக்கொண்ட இருபது குழந்தைகள். ஒரு பெண்ணைக் கூப்பிட்டுப் பதினேழை ஒரு பக்கம் தள்ளச் சொல்லுங்கள். இந்தப் பதினேழு குழந்தைகளின் உடம்பும் ஒரே ஊசியில் பாடத்தைப் பிடித்துக்கொண்டது. மீதி மூன்று பிடித்துக்கொள்ளவில்லை. ஏறக்குறைய நூற்றுக்கு எண்பத்தைந்து என்ற கணக்குதான் இது.

ஏன் அந்த மூன்று? பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தொப்புள்கொடி வழியாக அம்மா தன்னிடமிருந்த சாவிகளைக் கொஞ்சம் கடன் கொடுத்து அனுப்புகிறார். பிறந்து சில மாதம் குழந்தையைக் காப்பது அவைதான். மாதம் போகப்போக அவை தேய்ந்து மறையும், ஆனால் சில குழந்தைகளிடம் 9 மாதத்திலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். தடுப்பூசி பூட்டைக் காட்டும்போது, அம்மாவின் சாவி முந்திக்கொண்டு திறந்துவிடுகிறது, குழந்தையின் உடம்புக்குத் தன் சாவியைத் தேடும் வாய்ப்பே வருவதில்லை. இதைச் சொல்லும்போது அம்மாக்கள் முகத்தைப் பாருங்கள், எல்லாருக்கும் ஒரு நொடியில் புரியும்.

அப்படியானால் அம்மாவின் சாவி முழுக்கத் தீர்ந்த பிறகே போடலாமே என்று விவரமான ஒருவர் கேட்பார். நல்ல கேள்வி. அமெரிக்கா போன்ற இடங்களில் 12 மாதத்துக்கு மேல்தான் முதல் ஊசி போடுகிறார்கள், அங்கே தட்டம்மை குறைவு. நம் பக்கம் காத்திருந்தால், அம்மாவின் சாவி சீக்கிரம் தீர்ந்துபோன குழந்தைகள் அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்ளும். அதனால் 9 மாதத்தில் ஒன்று, அதில் விட்டுப்போன மூன்று பேரைப் பிடிக்க ஒன்றரை வயதில் இன்னொன்று. அந்த மூன்று பேர் யார் என்று நமக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வீடு வீடாக ரத்தப் பரிசோதனை செய்ய முடியாது, அதனால்தான் இருபது பேருக்கும் போடுகிறோம். ஏற்கெனவே பாடம் பிடித்துக்கொண்ட பதினேழு பேருக்கு இரண்டாவது ஊசியால் கெடுதல் எதுவும் இல்லை.

வந்தே தீரும் கேள்விகள்

"நோய் வந்து போனாலே எதிர்ப்பு வந்துடுமே, ஊசி எதுக்கு?" தட்டம்மைக்கு அது பாதி உண்மை. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாரோ தீவுகளில் 1781க்குப் பிறகு 65 வருடம் தட்டம்மையே இல்லை. 1846இல் கப்பலில் வந்த ஒருவரால் அது மறுபடி பரவி, ஏழாயிரத்துச் சொச்சம் மக்களில் ஆறாயிரம் பேரைப் பிடித்தது. பானும் என்ற இளம் டாக்டர் அங்கே போய்க் கவனித்தபோது, 1781இல் சிறுவயதில் அம்மை கண்ட கிழவர்கள் ஒருவருக்குக்கூட அது திரும்ப வரவில்லை. உடம்பின் நினைவு அவ்வளவு நீளம். ஆனால் தட்டம்மை அந்தப் பாடத்துக்கு வாங்கும் கூலி பெரிது: நிமோனியா, கண் பாதிப்பு, மரணம். அதோடு உடம்பு மற்ற கிருமிகளுக்காகக் கட்டி வைத்திருந்த நூல்களையும் அது அவிழ்த்துவிட்டுப் போகிறது, அதனால்தான் அம்மை இறங்கிய பிறகு மாதக்கணக்கில் குழந்தை வேறு வேறு நோயில் விழுகிறது.

ரண ஜன்னியில் இன்னொரு ஆச்சரியம். பிழைத்து வந்தவருக்கே மறுபடி அது வரலாம். ஆளைக் கொல்லப் போதுமான விஷத்தின் அளவு அவ்வளவு சிறியது, உடம்பு அதைக் கவனித்து நூல் கட்டும் அளவுக்குக்கூட இல்லை. ஊசிதான் அதற்கு ஒரே வாத்தியார், பிழைத்தவருக்கும் ஊசி போட்டே ஆக வேண்டும்.

ஆத்தா இறங்கியிருக்கிறாள், ஊசி கூடாது என்று யாராவது சொன்னால் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். வேப்பிலை கட்டட்டும், தனியாகப் படுக்க வைக்கட்டும், இரண்டும் நல்லதே. குழந்தையை டாக்டரிடம் காட்ட வேண்டும், வைட்டமின் ஏ திரவம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். லேசான சளி, இருமல் இருந்தால் ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. கடும் காய்ச்சல் என்றாலோ, முந்தைய ஊசியில் வலிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தாலோ நீங்கள் முடிவு சொல்லாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கடைசி ஐந்து நிமிடம்: அட்டை

பேசி முடித்ததும் ஒரு குழந்தையின் தடுப்பூசி அட்டையை வாங்கி, அதன் அம்மா சம்மதித்தால் சத்தமாகக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு மாதிரிக்கு, குழந்தை பிறந்தது 2025 மார்ச் 5, புதன்கிழமை. முதல் பென்டா ஆறு வாரம் கழித்து ஏப்ரல் 16, போட்டாயிற்று. அடுத்தது மே 14. அன்று வரவில்லை, முதல் ஊசியில் வந்த காய்ச்சலுக்குப் பயந்து பாட்டி வேண்டாம் என்றுவிட்டார். ஜூன் 18 அன்று வருகிறார்கள், ஐந்து வாரம் தாமதம்.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமோ என்று குழம்புவது, அல்லது "லேட் பண்ணிட்டீங்க" என்று எல்லார் முன்னாலும் திட்டுவது. திட்டு வாங்கியவர் மூன்றாவது ஊசிக்கு வரமாட்டார். முதல் ஊசியில் கட்டின நூல் அப்படியே இருக்கிறது, எதையும் திரும்பச் செய்ய வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஜூன் 18 அன்று இரண்டாவது, அன்றிலிருந்து நான்கு வாரம் எண்ணி ஜூலை 16 அன்று மூன்றாவது. தாமதத்தால் குழந்தைக்கு ஆன நஷ்டம், அந்த ஐந்து வாரம் அது அரைகுறைச் சாவியோடு இருந்தது என்பதுதான், அதை அப்படியே சொல்லுங்கள். தட்டம்மை ஊசிக்கு 9 மாதம் முடிவது டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. அடுத்த புதன் டிசம்பர் 10. அந்தத் தேதியை அட்டையில் பென்சிலால் குறித்து, அம்மாவைப் படிக்கச் சொல்லுங்கள்.

பேச்சு போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள "புரிஞ்சுதா?" என்று கேட்டுப் பயனில்லை, எல்லாரும் தலையாட்டுவார்கள். பூட்டையும் சாவிக்கொத்தையும் அதிகம் பேசாத ஒரு அம்மாவின் கையில் கொடுத்து, "இன்னைக்கு வராத உங்க பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு இதை வெச்சு எப்படிம்மா சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். அவர் முதலில் சிரிப்பார், பிறகு சாவியைத் தேட ஆரம்பிப்பார். எங்கே தடுமாறுகிறாரோ அங்கேதான் நீங்கள் சரியாகச் சொல்லவில்லை, அந்தப் பகுதியை மட்டும் மறுபடி சொல்லிவிட்டு, நூலை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அடுத்த ஊரில் புதிதாகக் கட்ட வேண்டும்.